தூக்க மாத்திரை ஆய்வை எல்லோருக்கும் எழுதியபோது

நான் மருந்தியல் துறையில் விரிவுரையாளர். வயதானவர்கள் என்னென்ன மருந்து எடுக்கிறார்கள், அதன் பிறகு அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை மருத்துவப் பதிவேடுகளை வைத்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. சில ஆண்டுகளாக, என் ஆய்வுக்கட்டுரை ஒன்று வெளிவரும்போதெல்லாம் அதன் முடிவைத் துறைக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கும்படி ஒரு சிறு கட்டுரையாக எழுதி என் பெயரில் வெளியிட்டு வருகிறேன். தொடங்கியதற்குப் பொதுநலம் ஒன்றும் காரணம் இல்லை. பதவி உயர்வு விண்ணப்பத்தில் 'ஆய்வு வெளியுலகில் எப்படிப் பயன்பட்டது' என்று ஒரு பகுதி இருந்தது. அதில் நிரப்ப என்னிடம் எதுவும் இல்லை. அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் வேலையின் அளவு தெரிந்தது. மொழியை எளிமையாக்குவது அதில் சின்னப் பங்கு. எண்ணை எப்படிச் சொல்வது, படித்தவர் அதை வைத்து என்ன செய்வார் என்பதில்தான் நேரமெல்லாம் போகிறது. அதை ஒரே கட்டுரையை வைத்துச் சொல்கிறேன்: தூக்க மாத்திரை எடுக்கும் முதியவர்கள் கீழே விழுவது பற்றியது.

ஆய்வுக்கட்டுரையில் முடிவு இப்படி இருக்கும்: மாத்திரை எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டபோது, விழுவதற்கான ஆட்ஸ் ரேஷியோ 1.5. இந்த எண்ணைப் பார்த்ததும் செய்திக்குறிப்பு எழுதுபவர் கை தானாக '50% அதிகம்' என்று எழுதிவிடும். எங்கள் நிறுவனத்தின் செய்திப் பிரிவிலிருந்து எனக்கு வந்த முதல் வரைவின் தலைப்பே 'தூக்க மாத்திரை விழும் ஆபத்தை 50% கூட்டுகிறது' என்பதுதான். அந்த ஒரு வரியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று கணக்கில், இன்னொன்று காரணத்தில்.

முதலில் கணக்கு. இங்கே தரும் எண்கள், நான் வெளியிட்டதை எடுத்துக்காட்டும் இடங்களிலும், கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட முழு எண்கள், ஆய்வுக்கட்டுரையில் உள்ளவை அல்ல. மாத்திரை எடுக்காத 100 முதியவர்களில் ஓராண்டில் 30 பேர் விழுகிறார்கள் என்று வையுங்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஆகவே இது அதிகப்படி இல்லை. மாத்திரை எடுக்கும் 100 பேரில் 39 பேர் விழுகிறார்கள். இப்போது ஆட்ஸ் என்றால் விழுந்தவர்களை விழாதவர்களால் வகுப்பது. ஒரு பக்கம் 30ஐ 70ஆல் வகுக்கிறோம், மறுபக்கம் 39ஐ 61ஆல் வகுக்கிறோம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிட்டத்தட்ட 1.5 வரும். ஆனால் விழுந்தவர்களின் பங்கை நேராக ஒப்பிட்டால், 39ஐ 30ஆல் வகுக்க வேண்டும், 1.3தான் வரும். அதாவது கூடுதல் 30%, 50% இல்லை.

அரிதாக நடக்கும் ஒன்றுக்கு இந்த இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்றால், வகுக்கும்போது 'வராதவர்கள்' என்பதும் 'எல்லோரும்' என்பதும் கிட்டத்தட்ட ஒரே எண்தானே. விழுவது போல அடிக்கடி நடக்கும் ஒன்றில் ஆட்ஸ் ரேஷியோ வித்தியாசத்தை எப்போதும் பெரிதாகக் காட்டும். உங்கள் துறையில் முடிவை ஆட்ஸ் ரேஷியோவாகத் தரும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் பயன்படுத்துகிறார்கள் என்றால், வெளியே எழுதும் முன் இதை ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆராயும் நிகழ்வு 100இல் 10 பேருக்கு மேல் நடப்பது என்றால் ஆட்ஸ் ரேஷியோவைச் சதவீதமாக மாற்றிச் சொல்லக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கைக்கணக்கு.

சரி, 30% என்று எழுதலாமா? கணக்குப்படி தப்பில்லை. ஆனால் எதிலிருந்து 30% என்பது படிப்பவருக்குத் தெரியாது. நான் எழுதியது இப்படி: 'மாத்திரை எடுக்காத 100 முதியவர்களில் ஓராண்டில் 30 பேர் விழுந்தார்கள். மாத்திரை எடுத்த 100 பேரில் 39 பேர் விழுந்தார்கள். நூற்றுக்கு ஒன்பது பேர் கூடுதல்.' இரண்டு பக்கமும் அதே 100, அதே ஓராண்டு. ஒரு பக்கம் 'நூற்றுக்கு 30', மறுபக்கம் 'ஐந்தில் இரண்டு' என்று மாற்றி எழுதினால் படிப்பவர் நின்று கணக்குப் போட வேண்டியிருக்கும். பாதிப் பேர் போடமாட்டார்கள். காலத்தைச் சொல்லாமல் விட்டாலும் சிக்கல்தான். 'நூற்றுக்கு 39' என்பதை வாழ்நாள் முழுவதற்கும் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

எண்ணின் தடுமாற்றத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கட்டுரையில் அதற்கு நம்பிக்கை இடைவெளி இருக்கும். அதன் இலக்கணத்தை விளக்கப் போனால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். ஒரே வாக்கியம் போதும்: 'எங்களிடம் இருந்த தரவோடு, கூடுதல் நான்கு பேர் என்பதிலிருந்து பதினான்கு பேர் என்பது வரை ஒத்துப்போகிறது, ஒன்பது என்பது நடுவில் இருக்கும் மதிப்பீடு.' இதைப் போட்டால் முடிவு பலவீனமாகத் தெரியும் என்று துறையில் ஒருவர் சொன்னார். தெரியட்டுமே, உள்ளது அதுதான்.

இந்த வேலையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது 1995இல் பிரிட்டனில் நடந்ததை. அந்த ஆண்டு அக்டோபரில் அங்கிருந்த மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்த உறைவு ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று செய்தி பரவியது. இரட்டிப்பு என்பது உண்மைதான். 7000 பெண்களில் சுமார் ஒருவருக்கு இருந்தது சுமார் இரண்டு பேருக்கு ஆனது. செய்தியில் நின்றது இரட்டிப்பு மட்டும். பயந்துபோன பெண்கள் மாத்திரையையே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் இன்னும் கொடுமை, ரத்த உறைவு ஆபத்து அந்த மாத்திரையைவிடக் கர்ப்பத்தில்தான் அதிகம். எண்ணில் பொய் இல்லை, சொன்ன விதத்தில்தான் எல்லாம் நடந்தது.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். 'மாத்திரை விழ வைக்கிறது' என்று எங்கள் ஆய்வு சொல்லவில்லை. யாருக்கும் நாங்கள் சீட்டுக் குலுக்கி மாத்திரை கொடுக்கவில்லை. ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பதிவேட்டில் பார்த்தோம். தூக்க மாத்திரை எடுப்பவர் யார்? மூட்டு வலியால் இரவெல்லாம் புரள்பவர், சிறுநீர் கழிக்க நாலைந்து முறை எழுந்திருப்பவர், மனச்சோர்வில் இருப்பவர். இவர்கள் மாத்திரை இல்லாவிட்டாலும் மற்றவர்களைவிட அதிகம் விழக்கூடியவர்கள்தான். வயது, மற்ற நோய்கள், மற்ற மருந்துகள் ஆகியவற்றைக் கணக்கில் சரிக்கட்டினோம். ஆனால் பதிவேட்டில் எழுதியிருந்ததை மட்டுமே சரிக்கட்ட முடியும். வீட்டில் குளியலறை எங்கே இருக்கிறது, இரவில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இதைப் பொதுக் கட்டுரையில் எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. கடைசியில் 'வரம்புகள்' என்று தலைப்பிட்டு ஒதுக்கினால் யாரும் அதுவரை வரமாட்டார்கள். எண்ணைச் சொன்ன அடுத்த பத்தியிலேயே வைக்க வேண்டும். நான் அங்கே எழுதியது: 'இந்த ஒன்பது பேரும் மாத்திரையால்தான் விழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. தூக்கம் வராமல் தவிப்பவர்கள் வேறு காரணங்களாலும் விழுகிறார்கள். அதில் மாத்திரையின் பங்கு இருக்கிறது என்று நினைக்க நியாயம் உண்டு, ஏனெனில் இந்த மருந்துகள் நிதானத்தையும் அனிச்சை வேகத்தையும் குறைப்பது தெரிந்த விஷயம்.' இரண்டு பக்கமும் சொல்லியாகிவிட்டது. வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். 'கூட்டுகிறது', 'உண்டாக்குகிறது' என்பவை காரணம் சொல்லும் வினைகள். 'எடுப்பவர்களில் அதிகம் பேர் விழுந்தார்கள்' என்பது பார்த்ததை மட்டும் சொல்கிறது. வரைவு முடிந்ததும் வினைச்சொற்களை மட்டும் ஒரு முறை தேடிப் படிப்பேன், தலைப்பிலும்.

செய்திப் பிரிவோடு இதற்காக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 'இப்படி இழுத்துச் சொன்னால் எந்தப் பத்திரிகையும் எடுக்காது சார்' என்றார்கள். அப்போது கைகொடுத்தது ஓர் ஆய்வு. 2014இல் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த 462 செய்திக்குறிப்புகளை, அவற்றின் மூல ஆய்வுகளோடும் பத்திரிகைச் செய்திகளோடும் ஒப்பிட்டு பிஎம்ஜே இதழில் வெளியிட்டது. மூன்றில் ஒரு பங்கு செய்திக்குறிப்புகளில் தொடர்பு மட்டும் இருந்த இடத்தில் காரணம் என்று மிகைப்படுத்தப்பட்டிருந்தது. பத்திரிகையில் வந்த மிகைகளில் பெரும்பகுதிக்கு விதை செய்திக்குறிப்பிலேயே இருந்தது. எனக்கு வேண்டியது அடுத்த கண்டுபிடிப்பு: மிகைப்படுத்தியதால் செய்தி அதிகம் எடுக்கப்பட்டது என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் ஏதும் பெரிதாகக் கிடைக்கவில்லை. கடைசியில் தலைப்பு 'தூக்க மாத்திரை எடுக்கும் முதியவர்கள் அதிகம் விழுகிறார்கள்: நூற்றுக்கு ஒன்பது பேர் கூடுதல்' என்று போனது. நீளம்தான். பரவாயில்லை.

என் வழக்கத்தில் மாறாமல் இருக்கும் ஒரு படி உண்டு. வெளியிடும் முன் வரைவை, அந்த விஷயம் யாரைப் பாதிக்குமோ அவரிடமே படிக்கக் கொடுப்பேன். இந்தக் கட்டுரைக்கு என் பெரியம்மா. எழுபதைத் தாண்டியவர், பல வருடமாகத் தூக்க மாத்திரை எடுப்பவர். 'புரிந்ததா?' என்று கேட்கக் கூடாது. யாரைக் கேட்டாலும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். 'இதைப் படித்துவிட்டு என்ன செய்வீர்கள்?' என்று கேட்க வேண்டும். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து நிறுத்திட வேண்டியதுதான்டா' என்றார்.

அது ஆபத்து. பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், பதற்றமும் நடுக்கமும் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டியது அது. இது ஆய்வுக்கட்டுரையில் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. அங்கே படிப்பவர்களுக்கு இது தெரியும். பொதுக் கட்டுரையில் அது இரண்டாவது பத்திக்கே போனது: 'இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவது தனி ஆபத்து. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, இது எனக்கு இன்னும் தேவையா, குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.' மறுபடி படித்தபோது பெரியம்மா சொன்ன பதில் வேறு: 'அடுத்த மாசம் டாக்டர்கிட்ட கேக்கறேன். ராத்திரி லைட்ட போட்டு வெச்சுக்கறேன்.' அதன் பிறகுதான் வெளியிட்டேன்.

மருந்து சம்பந்தமில்லாத துறையிலும் இந்தக் கேள்வி வேலை செய்கிறது. கற்பித்தல் முறை பற்றி ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் தன் வரைவை ஒரு ஆசிரியையிடம் காட்டி இதையே கேட்டார். அந்த ஆசிரியை செய்யப்போவதாகச் சொன்னது ஆய்வு சொன்னதற்கு நேர் எதிராக இருந்ததாம். எந்த வாக்கியத்தில் திரும்பினார் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றினார்.

வெளியிடுவதன் நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்விதழ் ஒரு தேதியும் நேரமும் குறித்து அதுவரை வெளியே பேசக் கூடாது என்று சொல்லியிருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டும். முன்பதிப்பாக மட்டுமே வந்திருக்கும் ஆய்வென்றால், சக ஆய்வாளர்கள் இன்னும் மதிப்பிடவில்லை என்பதை முதல் பத்தியிலேயே சொல்வேன். முடிவுகளை என் சொந்த வாக்கியத்தில் எழுத யாரும் தடை சொல்ல முடியாது. ஆனால் பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தால், நானே வரைந்த வரைபடத்தைக்கூட அப்படியே எடுத்துப் போட எனக்கு அனுமதி வேண்டியிருக்கலாம். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. நான் படத்தைப் புதிதாகவே வரைந்துவிடுவேன். எப்படியும் ஆய்விதழ் வரைபடம் பொதுவாசகருக்கு ஆகாது. இந்தக் கட்டுரைக்கு நூறு மனித உருவங்கள், முப்பதில் ஒரு நிறம், கூடுதல் ஒன்பதில் இன்னொரு நிறம். கூட்டாக எழுதிய ஆய்வு என்றால் மற்றவர்களுக்கு வரைவை அனுப்பி, பெயர்களையும் போட்டுவிட வேண்டும். இதில் ஏற்படும் மனக்கசப்பு எளிதில் போகாது.

கட்டுரையின் அடியில் இரண்டே இணைப்புகள். ஒன்று மூல ஆய்வின் டிஓஐ. இன்னொன்று என் ஆர்கிட் எண். ஆர்கிட் என்பது 2012இலிருந்து ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்படும் 16 இலக்க அடையாளம். ஒரு இடத்தில் முன்னெழுத்தோடும் இன்னொரு இடத்தில் விரித்தும் பெயரைப் போடுபவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் கட்டுரையைப் படித்துவிட்டு உங்களைத் தேடுபவர், உங்கள் பெயரிலேயே இருக்கும் வேறொரு துறைக்காரரிடம் போய் நிற்பார். அதன் கீழே ஒரு வரி: யார் நிதி கொடுத்தார்கள், மருந்து நிறுவனங்களோடு எனக்குத் தொடர்பு உண்டா இல்லையா. மருந்து பற்றி எழுதும்போது முதலில் வரும் சந்தேகமே அதுதான், கேட்கும் முன் சொல்லிவிடுவது சுலபம்.

அப்புறம் வந்தவை. படித்தவர்கள் எத்தனை பேர் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. வந்த கடிதங்கள் யாரிடமிருந்து என்பதைத்தான் பார்க்கிறேன். தூக்க மாத்திரைக் கட்டுரைக்குப் பிறகு முதலில் எழுதியவர் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர் பொறுப்பாளராக இருப்பவர். தன் ஊழியர்களுக்கான பயிற்சியில் அந்த நூறு உருவப் படத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். அந்தக் கடிதத்தையும் என் பதிலையும் சேர்த்து வைத்தேன். விண்ணப்பத்தில் அந்தப் பகுதிக்கு நான் இணைத்த சான்றுகளில் கனமானது அதுதான். எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற திரைப்பிடிப்பை மதிப்பீட்டுக் குழு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே, யாராவது உங்கள் எழுத்தைப் பயன்படுத்துவதாகச் சொன்னால், எங்கே, எதற்கு, எத்தனை பேருக்கு என்று அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

நிருபர்கள் கூப்பிட்டால் உடனே பேசுவதில்லை. எந்தக் கேள்விகள், எப்போது வேண்டும் என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு மூன்று வாக்கியங்களை எழுதி வைத்துக்கொள்கிறேன். என்ன கண்டோம், அது எதைக் காட்டவில்லை, படிப்பவர் என்ன செய்யலாம். பேச்சு எங்கே போனாலும் அந்த மூன்றுக்குத் திரும்பி வருவேன். என்னுடைய மேற்கோளையும் எண்களையும் மட்டும் வெளியிடும் முன் படித்துக் காட்ட முடியுமா என்று கேட்பேன். சிலர் காட்டுவார்கள், சிலர் மாட்டார்கள். முழுக் கட்டுரையையும் காட்டச் சொல்வது நம் உரிமை இல்லை. தூக்கம் பற்றி எழுதியவன் என்பதால் தியானம், தலையணை, குழந்தைகளின் கைபேசிப் பழக்கம் பற்றியெல்லாம் கருத்துக் கேட்பார்கள். அது என் வேலை இல்லை என்று சொல்லி, தெரிந்தவர் பெயரைக் கொடுப்பேன். அப்படி அனுப்பப்பட்ட நிருபர்கள்தான் பிறகு என் துறைக்கான கேள்வியோடு திரும்பி வருகிறார்கள்.

கஷ்டமானது தனிப்பட்ட கடிதங்கள். 'அப்பாவுக்கு இந்த மாத்திரை, இத்தனை மில்லிகிராம், நிறுத்தலாமா?' நான் மருத்துவர் இல்லை. மருத்துவராக இருந்தாலும் பார்க்காத நோயாளிக்குக் கடிதத்தில் பதில் சொல்ல முடியாது. ஆனால் பதிலே போடாமல் இருக்கவும் மனம் வராது. ஒரு பதிலை எழுதி வைத்திருக்கிறேன். என்னால் ஏன் சொல்ல முடியாது, திடீரென நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் என்னென்ன என்பது அதில் இருக்கும். மேலே ஒரு வரி மட்டும் அவரவர் கடிதத்துக்கு ஏற்றபடி சேர்ப்பேன்.

பழைய கட்டுரைகளை நான் நீக்குவதில்லை. இதே கேள்விக்கு வேறொரு குழு பெரிய ஆய்வு வெளியிட்டால், அதைப் படித்துவிட்டு என் கட்டுரையின் மேற்பகுதியில் தேதி போட்டு இரண்டு வரி சேர்க்கிறேன்: அவர்கள் கண்டது எங்களோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே போகவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, பாடத்திட்டம் புதுப்பிக்கும் வாரத்திலேயே இதையும் உட்கார்ந்து பார்த்துவிடுவேன். தூக்க மாத்திரைக் கட்டுரையின் தலையில் இப்போது அப்படி இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒன்றில், கூடுதல் ஒன்பது என்பது கொஞ்சம் அதிகமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறேன்.